ஒரு while லூப்புக்கு மூன்று பாத்திரங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேரிடம் தாளைக் கொடுத்து, ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஓட்டும் ஒரு சின்ன பைத்தான் `while` லூப் முடிந்ததும் என்ன எண் அச்சாகும் என்று கேட்டதில் ஏழு பேர் சரியான விடையான 1050ஐ எழுதினார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் இதே கேள்வியை வேறு பதினோரு பேரிடம் கேட்டபோது சரியாக எழுதியவர்கள் இரண்டே பேர். இடையில் நடந்தது ஒரு வீடியோ. அதை மூன்று முறை எடுத்தேன். முதல் இரண்டும் ஏன் சரிப்படவில்லை என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

ஊரில் ஒரு மாடி அறையில் ஞாயிறுதோறும் பாலிடெக்னிக் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குப் பைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். வாரம் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கிறது. லூப் வந்ததும் அந்த இரண்டு மணி நேரம் போதாது. அதனால் வீட்டில் போனில் பார்த்துவிட்டு வரட்டும் என்று ஒரு வீடியோ செய்ய நினைத்தேன். யூடியூபில் இல்லாததா என்றால், இருக்கிறது. ஆனால் பெரும்பாலானவற்றில் ஒருவர் திரையைத் திறந்து வேகமாகத் தட்டச்சு செய்துகொண்டே பேசுகிறார். எங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்து அப்படியே அடித்துவிடுகிறார்கள், ஓடியும் விடுகிறது. ஏன் ஓடுகிறது என்று கேட்டால் பதில் இல்லை.

முதல் ஸ்கிரிப்ட்

முதலில் எழுதியதில் எல்லாவற்றையும் திணித்திருந்தேன். `for`, `while`, `break`, லூப்புக்குள் லூப். `for`க்கு இட்லித் தட்டு: நாலு குழி, ஒவ்வொரு குழியிலும் ஒரு கரண்டி மாவு. `while`க்குத் தெருக்குழாய்: குடம் நிறையும் வரை தண்ணீர் பிடி. `break`க்கு நடுவில் குழாயில் தண்ணீர் நின்றுபோவது. எழுதும்போது எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது. இட்லியும் குழாயடியும் தெரியாத வீடு எங்கள் பக்கம் கிடையாது.

சத்தமாக வாசித்துப் பார்த்தால் 11 நிமிடம் 20 விநாடி வந்தது. பாடம் நடத்தும்போது நிமிடத்துக்கு 85லிருந்து 90 சொல்தான் பேசுகிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஸ்கிரிப்டில் ஏறக்குறைய ஆயிரம் சொல் இருந்தது. பாதிக்கு மேல் வெட்டினேன். `for`ஐத் தனி வீடியோவாகத் தள்ளினேன். `break`ஐயும் லூப்புக்குள் லூப்பையும் தூக்கிவிட்டேன். மிஞ்சியது `while` மட்டும், கூடவே குழாயடி.

குழாயடியைப் போனிலேயே எடுத்தேன். நல்ல காலை வெளிச்சம், பித்தளைக் குடம். நிரம்பியதும் கை நீண்டு குழாயை மூடும். அந்தக் கை மூடும் காட்சிக்குப் பக்கத்தில் திரையில் இந்தப் பைத்தான் கோடு:

```python
alavu = 0
while alavu < 1000:
    alavu = alavu + 150
print(alavu)
```

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. முதலில் `அளவு` என்று தமிழிலேயே எழுதினேன். பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்ளும், தாராளமாக ஓடும். ஆனால் லேபில் தமிழ் கீபோர்டு போட்டுக்கொடுக்க ஆளில்லை. தவிர, சம அகல எழுத்துருவில் தமிழ் எழுத்து இல்லாததால் அந்த இடத்தில் மட்டும் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்து வரிசை கோணலாகிறது. சரி `level` என்று வைப்போம் என்றால், `while` போல `level`உம் பைத்தானுக்குச் சொந்தமான சொல் என்று ஒரு பையன் நினைத்துக்கொண்டான். `alavu` என்று மாற்றியதும் அந்தச் சந்தேகம் போய்விட்டது. இங்கிலீஷாக இருப்பது பைத்தானின் சொல், நம் வீட்டுச் சொல்லாக இருப்பது நாம் வைத்த பெயர். இந்த ஒன்றை மட்டும் மூன்று வீடியோவிலும் மாற்றவில்லை.

வீடியோவைக் காட்டிவிட்டு ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, ஓட்டிப் பார்க்காமல் கடைசியில் என்ன எண் அச்சாகும் என்று எழுதச் சொன்னேன். பதினோரு பேரில் ஆறு பேர் 1000 என்றார்கள். மூன்று பேர் 900. இரண்டு பேர் 1050.

கணக்கில் தப்பு விட்டிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். 150ஐ ஏழு முறை கூட்டத் தெரியாதா என்று கொஞ்சம் எரிச்சலும் வந்தது. வீட்டுக்கு வந்து அப்படியே விட்டிருந்தால் கூட்டல் வாய்ப்பாட்டுக்கு ஒரு வீடியோ எடுத்திருப்பேன். நல்ல வேளையாக ஒரு பெண்ணிடம் ஏன் 1000 என்று கேட்டேன்.

"நிறைஞ்சதும் குழாயை மூடிடுவோம்லக்கா."

900 எழுதிய பையன் சொன்னது வேறு. "அடுத்த தடவை ஊத்தினா ஆயிரத்தைத் தாண்டிடும். தாண்டக்கூடாதுன்னுதானே போட்டிருக்கு?"

இரண்டு பேரும் குடத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். குழாயடியில் நிற்கிற ஆள் குடத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். தண்ணீர் கழுத்துக்கு வந்த கணமே மூடுவார், விவரமான ஆளாக இருந்தால் வருவதற்கு முன்பே மூடுவார். `while` அப்படிப் பார்த்துக்கொண்டே இருப்பதில்லை. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஒரே ஒரு முறை பார்க்கிறது. பார்த்துவிட்டு உள்ளே போனால், உள்ளேயிருக்கும் வரிகள் எல்லாம் முடிந்து திரும்பி மேலே வரும் வரை குடம் வழிந்தாலும் அதற்குத் தெரியாது. 900 இருக்கும்போது பார்க்கிறது. ஆயிரத்துக்குக் கீழேதான் இருக்கிறது என்று உள்ளே போகிறது. 150ஐக் கூட்டி 1050 ஆக்கிவிட்டுத்தான் மறுபடி வந்து பார்க்கிறது.

ஆக, பிள்ளைகள் பாடத்தைச் சரியாகத்தான் கற்றிருக்கிறார்கள். நான் காட்டிய படம்தான் அதைத் தப்பாகக் கற்றுக்கொடுத்திருக்கிறது. "வரை" என்ற சொல்லுக்கும் இதில் பங்கு உண்டு. "ஆயிரம் ஆகும் வரை ஊற்று" என்றால் தமிழில் ஆயிரத்தில் நிற்க வேண்டும் என்றுதான் பொருள். ஸ்கிரிப்டில் அந்தச் சொல்லை நாலு இடத்தில் பயன்படுத்தியிருந்தேன். நாலையும் அடித்தேன். அதற்குப் பதில் "ஆயிரத்துக்குக் கீழே இருக்கிறதா? இருந்தால் ஒரு டம்ளர்" என்று எழுதினேன். கேள்வி, அப்புறம் வேலை, அப்புறம் மறுபடி அதே கேள்வி.

இரண்டாவது பாத்திரம்

குழாய் வேண்டாம், டம்ளர் வேண்டும். தண்ணீர் விட்டுவிட்டு விழ வேண்டும், ஒவ்வொரு டம்ளருக்கும் முன்னால் பார்க்க வேண்டும். குடத்துக்குள் கேமராவுக்கு எதுவும் தெரியாது. பாத்திரக்கடையில் 45 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பிளாஸ்டிக் ஜாடி வாங்கினேன். வெறும் தண்ணீர் வீடியோவில் தெரியவே இல்லை. பீட்ரூட் வேகவைத்த தண்ணீரைக் கலந்ததும் பளிச்சென்று ஆனது. பின்னால் ஒரு வெள்ளை சார்ட் பேப்பர்.

திட்டம் என்னவென்றால், ஏழாவது டம்ளரில் ஜாடி வழிய வேண்டும். வழிவதைப் பார்த்தால் யாரும் 1000 என்று எழுதமாட்டார்கள் என்று நினைத்தேன்.

150 மில்லி வீதம் ஏழு டம்ளர் ஊற்றினேன். வழியவில்லை. ஒரு லிட்டர் ஜாடி என்று விற்றாலும் விளிம்பு வரை அதற்கு மேலும் பிடிக்கிறது. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தால் (தண்ணீர் ஒரு கிராம் ஒரு மில்லி, இதற்குத் தராசுதான் வசதி) 1075 வரை போனது. தாகம் எடுத்த காக்காய் மாதிரி உள்ளே கூழாங்கல் போட்டுப் பார்த்தேன். கணக்குச் சரியாக வந்தது. ஆனால் எடுத்ததைப் பார்த்த அம்மா முதலில் கேட்டதே "கல்லு எதுக்கு?" என்றுதான். பார்க்கிறவர்களும் அதையேதான் கேட்பார்கள். கல்லை எடுத்துவிட்டு, 1000 மில்லி நிற்கும் இடத்தில் கோடு போட்டு, கத்தியை அடுப்பில் காட்டி ஜாடியின் வாயை வெட்டினேன். அரை மணி நேரம் ஆனது, வீடெல்லாம் நாற்றம். இதைச் செய்பவர்கள் ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுச் செய்யுங்கள். அதைவிட, செய்யாமலே இருங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

டம்ளரிலும் ஒரு சிக்கல். எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர் தலைதட்ட நிரப்பினால் 165 மில்லி. ஆறு டம்ளருக்கே 990 ஆகிவிடுகிறது. கோட்டைத் தொட்ட மாதிரி தெரிகிறது. பைத்தான் கோடில் 900 என்று இருக்கும்போது ஜாடியில் 990 இருந்தால் பார்க்கிறவர் எதை நம்புவார்? தராசில் வைத்து 150 கிராம் ஊற்றி, டம்ளரின் உள்பக்கம் நகப்பாலிஷால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டேன். அந்தப் புள்ளிதான் இந்த முழு வேலையிலும் ரொம்ப உதவியது.

வீடியோ அழகாக வந்தது. ஏழாவது டம்ளரில் சிவப்புத் தண்ணீர் வழிந்து தட்டில் பரவும். வகுப்பில் போட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். அதே பதினோரு பேர்தான், அதனால் எண்ணை மட்டும் மாற்றிக் கேட்டேன்: எல்லை 500, ஒவ்வொரு முறையும் 120. விடை 600 வர வேண்டும். ஏழு பேர் 600 என்று எழுதினார்கள். மீதி நாலு பேரில் மூன்று பேர் 500.

போன தடவை காரணம் சொன்ன அதே பெண் இப்போதும் 500 பக்கம்தான். "வழிஞ்சது தட்டுல போயிடுச்சேக்கா. ஜாடிக்குள்ள ஆயிரம்தானே இருக்கு?"

உட்கார்ந்துவிட்டேன். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வெட்டிய ஜாடிக்குள் ஏழு டம்ளர் ஊற்றினாலும் 1000 மில்லிதான் நிற்கும். `alavu` என்ற பெயருக்குள்ளோ 1050 இருக்கிறது, அது எங்கேயும் சிந்துவதில்லை. ஜாடிதான் `alavu` என்று சொல்லிவிட்டு, ஜாடி செய்யாததை `alavu` செய்கிறது என்றால் எப்படி? கத்தியைக் காய்ச்சி நான் வெட்டியது பாடத்தின் விடையையே வெட்டியது. வழிகிற காட்சியை எடுக்க அரைநாள் போனது, அதைத் தூக்க மனமே வரவில்லை. தூக்கினேன்.

மூன்றாவது பாத்திரம்

இந்த முறை ஜாடி பெரிதாக இருக்க வேண்டும். எல்லை அதன் வாயில் இருக்கக்கூடாது, நடுவில் எங்காவது ஒரு கோடாக இருக்க வேண்டும். தண்ணீர் கோட்டைத் தாண்டிப் போக வேண்டும், சிந்தாமல் அங்கேயே நிற்க வேண்டும். ஒன்றரை லிட்டர் ஜாடி ஒன்று, 60 ரூபாய். அகலமான ஜாடி வேண்டாம் என்பதில் மட்டும் கவனமாக இருந்தேன். உள்விட்டம் 8 செ.மீ. இருந்தால் 50 மில்லிக்கு நீர்மட்டம் சுமார் ஒரு செ.மீ. உயரும். அந்த ஒரு செ.மீ.தான் கோட்டுக்கு மேல் தெரிய வேண்டிய மிச்சம். விட்டம் 15 செ.மீ. ஆக இருந்தால் அது 3 மில்லிமீட்டர்கூட வராது, போனில் கோட்டோடு ஒட்டிக்கொண்டுவிடும்.

தராசில் 1000 கிராம் தண்ணீர் ஊற்றி, நீர்மட்டத்தில் சிவப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினேன். கேமரா லென்ஸ் டேப்பின் உயரத்திலேயே இருக்க வேண்டும். கொஞ்சம் மேலேயிருந்து எடுத்தால் முன்பக்கத்து டேப்பும் பின்பக்கத்து நீர்மட்டமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து 900லேயே தாண்டிவிட்ட மாதிரி காட்டுகிறது. ஸ்டூல்மேல் இரண்டு பழைய டைரி, அதன்மேல் போன், சைக்கிள் டியூபை வெட்டிய ரப்பரால் கட்டு. அதுதான் என் ஸ்டாண்டு.

ஆனாலும் முதல் சிக்கல் தீரவில்லை. ஊற்றுகிற ஆள் ஜாடியைப் பார்த்துக்கொண்டே ஊற்றினால் டேப்பைத் தொட்டதும் நிறுத்த வேண்டியதுதானே என்று தோன்றத்தான் செய்யும். ஏழாவது டம்ளரைப் பாதியில் நிறுத்தாமல் அவர் ஏன் ஊற்றிக்கொண்டே போகிறார்? படத்துக்குள் அதற்குக் காரணம் இல்லை.

இதற்கு வழி சொன்னது வகுப்பில் பின்வரிசைப் பையன். விளையாட்டாகத்தான் சொன்னான்: "அப்போ கண்ணை மூடிட்டு ஊத்தச் சொல்லுங்கக்கா."

அதுதான். கண்ணைத் திற, டேப்பைப் பார், கீழே இருந்தால் கண்ணை மூடு, ஒரு டம்ளர் முழுக்க ஊற்று, கண்ணைத் திற. கண் திறந்திருக்கும் நேரம் `while` வரி. கண் மூடியிருக்கும் நேரம் உள்வரி. யோசனை சொன்னவனையே நடிக்க வைத்தேன். முதலில் துண்டால் கண்ணைக் கட்டினோம். பாதித் தண்ணீர் ஜாடிக்கு வெளியே போனது, அதோடு ஒவ்வொரு முறையும் துண்டை அவிழ்த்துக் கட்டுவது பூஜை மாதிரி நீண்டது. அப்புறம் டம்ளரை ஜாடியின் வாயில் வைத்துவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொள் என்றேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. அவன் இமைகளை இறுக்கும்போது முகமே சுருங்கும், அது தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிறது.

ஸ்கிரிப்டை இரண்டு பத்தியாக எழுதுவேன், இடப்பக்கம் படம், வலப்பக்கம் குரல். முக்கியமான இடம் இது:

படம்: ஜாடியில் ஆறு டம்ளர் தண்ணீர், டேப்புக்கு இரண்டு செ.மீ. கீழே. பையன் கண்ணைத் திறக்கிறான். கோடில் `while` வரி மஞ்சளாகிறது.
குரல்: இப்போது 900. ஆயிரத்துக்குக் கீழே இருக்கிறதா? இருக்கிறது. உள்ளே போ.

படம்: கண் மூடுகிறது. `while` வரி அணைந்து கீழ்வரி மஞ்சளாகிறது. தண்ணீர் டேப்பைத் தாண்டுகிறது. டம்ளர் முழுதும் காலியாகிறது.
குரல்: (ஒன்றும் இல்லை. மூன்று விநாடி.)

படம்: கண் திறக்கிறது. பையன் டேப்பைப் பார்க்கிறான், திகைக்கிறான். `while` வரி மறுபடி மஞ்சள்.
குரல்: 1050. ஆயிரத்துக்குக் கீழே இருக்கிறதா? இல்லை. வெளியே வா.

அந்த மூன்று விநாடி மௌனத்தை எழுதும்போது வைக்கவில்லை. முதலில் "கண் மூடியிருப்பதால் அவனுக்குத் தெரியாது, அதனால்தான்..." என்று விளக்கிக்கொண்டே போயிருந்தேன். எடிட்டிங்கில் குரல் சரியாகப் பதியாமல் அந்த இடம் காலியாக இருந்தது. போட்டுப் பார்த்தால் அதுவே நன்றாக இருந்தது. தண்ணீர் டேப்பைத் தாண்டும்போது பார்க்கிறவர் மனசுக்குள்ளேயே "டேய், நிறுத்துடா" என்கிறார். அதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது?

திரையில் கோடு

இதில் சுருக்கமாக முடிக்கிறேன். கோடை முதலில், பைத்தான் பழகுகிறவர்களுக்கான `Thonny` என்ற மென்பொருளில் வரிவரியாக ஓட்டித் திரையைப் பதிவு செய்தேன். `Ctrl+F5` அழுத்தி `F7`ஆல் நகர்த்தினால் ஒவ்வொரு வரிக்குள்ளும் `alavu + 150` எப்படி 1050 ஆகிறது என்றுகூடக் காட்டும். தனியாக உட்கார்ந்து படிப்பவருக்கு அது தங்கம். என் வீடியோவில் கண்ணைத் திறப்பதோடும் மூடுவதோடும் அந்தச் சின்னச் சின்ன அசைவுகள் போட்டிபோட்டன. அதனால் லிபரே ஆபீஸில் ஸ்லைடுகளாகவே செய்துவிட்டேன். மஞ்சள் பட்டை ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு நகரும், கீழே `alavu` என்று எழுதிய ஒரு பெட்டியில் எண் மாறும். வேறு எதுவும் அசையாது.

எழுத்தின் அளவைப் பற்றி ஒரு கணக்கு. பிள்ளைகள் போனைக் குறுக்கே திருப்புவதில்லை, நேராகப் பிடித்தபடியே பார்க்கிறார்கள். அப்போது வீடியோவின் அகலம் வெறும் 7 செ.மீ. என் முதல் வீடியோவில் 1920 புள்ளி அகலத்தில் எழுத்து 28 புள்ளி உயரம். போனில் அது ஒரு மில்லிமீட்டர். யாருக்குத் தெரியும்? 64 புள்ளி ஆக்கினேன், இரண்டேகால் மில்லிமீட்டர் வந்தது. அந்த அளவில் சுமார் 25 எழுத்துதான் திரையின் இடப்பாதியில் அடங்கும். `    alavu = alavu + 150` என்பது முன்னால் விட்ட நாலு இடத்தையும் சேர்த்து 23. தப்பித்தது. வலப்பாதியில் பையனும் ஜாடியும்.

கடைசியில் காலி டம்ளர் காட்சி ஒன்றைச் சேர்த்தேன். கூட்டுகிற வரியை எடுத்துவிட்டு வேறு வரி போட்டால்:

```python
alavu = 0
while alavu < 1000:
    print(alavu)
```

பையன் கண்ணைத் திறக்கிறான், பார்க்கிறான், மூடுகிறான், காலி டம்ளரைக் கவிழ்க்கிறான். திறக்கிறான், பார்க்கிறான். திரையில் 0 கீழே கீழே ஓடிக்கொண்டிருக்கிறது. `Ctrl+C` அழுத்தி நிறுத்துவதையும் காட்டினேன். லேபில் இது நடந்தால் பிள்ளைகள் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று பயந்து பவரை அணைத்துவிடுகிறார்கள். இப்போது "காலி டம்ளர்க்கா" என்று கத்துகிறார்கள். தப்பைக் கண்டுபிடிக்கவும் அந்தப் பெயரே போதுமாக இருக்கிறது: உள்ளே இருக்கும் வரிகளில் எது டம்ளர், அதில் தண்ணீர் இருக்கிறதா?

செலவும் மிச்சமும்

கழுத்தில் மாட்டும் வயர் மைக் 480, இரண்டு ஜாடி 105, டேப் 10, சார்ட் பேப்பர் இரண்டு 20. மொத்தம் 615 ரூபாய். மைக் இல்லாமல் முதல் வீடியோவை எடுத்துப் பார்த்தேன், ஃபேனை நிறுத்தினாலும் தெருச் சத்தம் வந்தது, அதனால் அந்த 480ஐக் குறைக்க முடியாது. மூன்றாவது வீடியோவின் ஸ்கிரிப்ட் 520 சொல், நீளம் 6 நிமிடம் 40 விநாடி. வெட்டிய ஜாடியில் அம்மா இப்போது புளி வைத்திருக்கிறார்.

புது ஒன்பது பேரில் தப்பாக எழுதிய இரண்டு பேரில் ஒருவன் 1000. அவன் வீடியோவைப் பார்க்கவே இல்லை என்று பிறகு ஒப்புக்கொண்டான். இன்னொருத்தியின் விடைதான் என்னை யோசிக்க வைத்தது. 1200 என்று எழுதியிருந்தாள். தாளின் ஓரத்தில் எட்டுக் கோடு கிழித்திருந்தாள். வீடியோவைப் போட்டு எண்ணிப் பார்த்தேன். பையன் எட்டு முறை கண்ணைத் திறக்கிறான். ஊற்றுவது ஏழு முறைதான். எட்டாவது முறை பார்த்துவிட்டு ஊற்றாமல் போகிறான். அவள் கண் திறப்பதை எண்ணி 150ஆல் பெருக்கியிருக்கிறாள்.

அடுத்த முறை எடுக்கும்போது திரையின் ஓரத்தில் இரண்டு எண்ணிக்கை வைக்க வேண்டும், பார்த்தது 8, ஊற்றியது 7 என்று. இதை முன்பே யோசித்திருக்கலாம். இட்லித் தட்டு `for` வீடியோ இன்னும் பாக்கி. குழிகளுக்கு 0, 1, 2, 3 என்று ஒட்டிய ஸ்டிக்கர்கள் மாவு பட்டதும் கழன்றுவிட்டன. விளிம்பில் மார்க்கரால் எழுதிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அம்மா தன் தட்டைத் தரமாட்டேன் என்கிறார்.